என் கையெழுத்துக்கு மேலே எழுதியது

என் கணவர் இறந்த ஒன்பதாம் நாள் நான் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எத்தனை தாள் என்று இன்று கேட்டாலும் தெரியாது. உக்கிராண அறையில் எத்தனை படி துவரை இருக்கிறது என்று கேட்டால் அறைக்குள் போகாமலே சொல்லிவிடுகிறவள் நான். அன்றைக்குத் தாளை எண்ணவில்லை. நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே ஓர் அறை விட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ரங்கூனிலிருந்து கடைசியாக வந்திருந்தபோது அவர், "அடுத்த வருசம் வந்ததும் பிள்ளை கூட்டிக்குவோம். வலையபட்டிப் பங்காளி வீட்டுல மூணாவதா ஒரு பயல் பொறந்திருக்கானாம்" என்று சொன்னார். சுவீகாரம் எடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என்னிடம் மட்டும் சொன்னது. அடுத்த வருடம் காய்ச்சலோடு வந்தார், ஒரு மாதம் கிடந்தார், போய்விட்டார். அந்தப் பேச்சை நான் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் இரண்டாங்கட்டு அறையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கணவரின் அண்ணன் என்னோடு நேரே பேசும் வழக்கம் இல்லை. அவர் கதவுக்கு வெளியே நின்று தம் மனைவியிடம் சொல்வார். என் ஓரகத்தியான அந்த ஆச்சி உள்ளே வந்து எனக்குச் சொல்வார். நான் சொல்வதும் அந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். அன்று ஓரகத்தி ஒரு பலகை, மைக்கூடு, கட்டைப் பேனா, தாள்களோடு வந்தார். மேலே ராஜா தலை போட்ட முத்திரைத் தாள் சில, வெறும் தாள் சில.

"ரங்கூன் கோர்ட்டுக்கு அனுப்பணுமாம். தம்பி பேருல உள்ளதை எல்லாம் மாத்தணும்ல. நாளைக்குக் கப்பல் தபாலு. அடியில மட்டும் போட்டுக் குடுத்தாப் போதுமாம், ஏசண்டு அங்குட்டு எழுதிக்குவாராம்."

"என்ன எழுதுவாகன்னு கேளுங்க ஆச்சி."

ஓரகத்தி வெளியே போய்த் திரும்பினார். "அது இங்கிலீசுல வரும், இப்பச் சொன்னா விளங்காதுங்கிறாக."

எனக்கு இது புதிதாகவும் படவில்லை. என் கணவரே கப்பல் ஏறுவதற்கு முன்னால் முகப்பில் உட்கார்ந்து, கீழே கையெழுத்து மட்டும் போட்ட தாள்களைக் கத்தையாக அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் கையெழுத்து வாங்கி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்பார். தொழில் செய்கிற வீட்டில் அது நம்பிக்கை. அதைக் கண்ணால் பார்த்திருந்ததுதான் எனக்கு வினையாகப் போயிற்று. போட்டேன். ஒரு தாளில் மை சொட்டியது. "பரவாயில்ல" என்று ஓரகத்தி ஊதி உலர்த்தினார்.

வருடம் திரும்பியது. பங்காளி வீட்டில் கேட்டு அனுப்பினேன். பிள்ளையின் தாயும் தகப்பனும் சம்மதித்துவிட்டார்கள். பையனை இரண்டு முறை கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டாம் முறை அவன் என் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதான். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. அவன் வந்தால் கணவரின் பாகம் அவனுக்குப் போகும். வராவிட்டால் எல்லாம் அண்ணனுக்கு, எனக்கு ஆயுசு உள்ளவரை சோறும் துணியும். சோறும் துணியும் கிடக்கட்டும், எனக்கு அவன் வேண்டும்.

நாள் குறிப்பதற்குள் சிவகங்கையிலிருந்து அண்ணனுடைய வக்கீலின் நோட்டீஸ் வந்தது. கூடவே ஒரு பத்திரத்தின் நகல். எனக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். நின்றுகொண்டே வாசித்தேன், பிறகு உட்கார்ந்து வாசித்தேன்.

"என் புருஷன் தமது அந்திய காலத்தில் என்னை அழைத்து, தமக்குப் பின் யாதொரு பிள்ளையையும் சுவீகாரம் செய்யக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிப்போனபடியால், அவர் வாக்குக்குக் கட்டுப்பட்டு, ஜீவனாம்சத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள என் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது." கீழே என் பெயர்.

சொத்தை எழுதி வாங்கியிருந்தால் திருட்டு என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். செத்தவர் வாயில் ஒரு பேச்சை வைத்து, அதற்கு என்னையே சாட்சியாக்கியிருந்தார்கள். ஒரு கணம் நானே யோசித்தேன்: காய்ச்சல் வேகத்தில் அப்படி ஏதும் சொன்னாரோ? அந்த ஒரு கணத்துக்காக இன்றுவரை கணவரின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை.

என் உடன்பிறந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு சிவகங்கைக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் எதிர் வக்கீலிடம் எங்களை அழைத்துப்போய் அசலைக் காட்டினார். மை சொட்டு அங்கேயே இருந்தது. மேலே எழுத்து நல்ல இடைவெளி விட்டு வந்து, கடைசி நாலு வரி என் கையெழுத்துக்கு மேல் முட்டிக்கொண்டு நெருக்கியடித்து நின்றது. சாட்சியாக அன்று அந்த அறைப் பக்கமே வராத இரண்டு கணக்கப்பிள்ளைகள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் வக்கீல் சொன்னார்: "நெருக்கி எழுதினது நமக்கு நல்லது. முத்திரைத் தாளுக்குப் பின்னாடி, வாங்கினவுகன்னு உங்க வீட்டுக்காரவுக அண்ணன் பேரு இருக்கு, அதுவும் நல்லது. ஆனா கையெழுத்து உங்களுதுன்னா, வெத்துத் தாள்லதான் போட்டேன்னு நீங்கதான் ருசுப்படுத்தணும், சாட்சி வேணும். பாத்தவுக யாரு?"

"எங்க ஓரகத்தி."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "கையெழுத்துப் போட்டவுக எழுத்து வாசனை இல்லாதவுகளா இருந்தா, வாசிச்சுக் காட்டி விளங்க வச்சோம்னு எழுதி வாங்கினவுகதான் ருசுப்படுத்தணும். நீங்க வாசிப்பீகளா ஆச்சி?"

"வாசிப்பேன்."

வாசிக்கத் தெரிந்தவள் என்று ஊரில் எனக்கு இருந்த பெருமை அந்த மேசையில் எனக்கு எதிராக உட்கார்ந்தது.

"இன்னும் எத்தனை தாள் அவுக கையில இருக்கு?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அப்போதுதான் மனசு பதறியது. இந்த ஒரு தாள் வெளியே வந்துவிட்டது. மற்றவற்றில் நான் எதை விற்றிருக்கிறேன், எவனிடம் கடன் பட்டிருக்கிறேன், இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறேன்? நிலம், வீடு என்றால் பதிவு ஆபீசில் நான் நேரே ஒப்புக்கொள்ள வேண்டும், புரோநோட்டுக்கு அதுகூட வேண்டாம் என்றார் வக்கீல். இன்ன நாளில் வாங்கிப்போன வெற்றுத் தாள் எதற்கும் நான் பொறுப்பில்லை என்று அன்றே ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போட்டார். பிள்ளையைச் சுவீகாரம் எடுங்கள், வழக்கை நடத்திப் பார்க்கலாம் என்றும் தைரியம் சொன்னார். அந்தத் தைரியத்தோடு வலையபட்டிக்குப் போனேன்.

நாங்கள் போவதற்குள் நகல் அங்கே போயிருந்தது. பிள்ளையின் தகப்பனார் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் என்னைக் கண்டதும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டான். அவன் தாய் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"கோர்ட்டு கச்சேரிக்கெல்லாம் நான் பயப்படல ஆச்சி," என்றாள். "உங்க வீட்டுக்காரவுக சாகையில வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாகளாமே."

"அவுக அப்படிச் சொல்லவே இல்ல. உன் பிள்ளையைத்தான் கூட்டிக்குவோம்னு சொன்னாக. என்கிட்டச் சொன்னாக."

அவள் கணவரிடமிருந்து தாளை வாங்கி என் முன்னால் நீட்டினாள். "இதுல கீழ இருக்கிறது நீங்க போட்டதா?"

"நான் போட்டதுதான். ஆனா போடும்போது அதுல எழுத்தே..."

"நீங்க போட்டதுதான?"

"ஆமா."

அவள் எழுந்து வந்து, கோபமில்லாமல், என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.