ராஜினாமாவை இரண்டு முறை எழுதினேன்

பெங்களூரில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நான் கொல்லிமலையில் இருந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ராசிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவள். கணவருக்கு மலைமேல் அரியூர் நாடு என்று சொல்லும் பகுதியில் மிளகுத் தோட்டமும் கொஞ்சம் மரவள்ளிக் காடும். மாடியறையில் இணைய இணைப்பும் இன்வெர்ட்டரும் இருந்ததால் என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

மருந்துக் கடைகள் நாள் முழுக்கப் போடும் ஆர்டர்களைச் சேர்த்து, விடிவதற்குள் மொத்த வியாபாரக் கிடங்குகளுக்கு அனுப்பிவைக்கும் மென்பொருள் எங்கள் குழுவுடையது. அதில் பாதிக்கு மேல் நான் எழுதியது. குழுத் தலைவர் பதவி காலியானபோது எனக்குத்தான் வரும் என்று நானும் நினைத்தேன், மற்றவர்களும் நினைத்தார்கள். வேறொருவருக்குப் போயிற்று. அது கூடப் பரவாயில்லை. எல்லாரும் இருந்த வீடியோ கூட்டத்தில் மேலாளர், "மலை உச்சியில உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட டீமைக் குடுத்தா, நாம குரங்குகிட்டதான் அப்டேட் கேக்கணும்" என்றார். பெட்டி பெட்டியாகத் தெரிந்த முகங்கள் ஒன்று தவிர எல்லாம் சிரித்தன. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்றே வேறு வேலை தேட ஆரம்பித்தேன். கிடைத்தது. நியமனக் கடிதம் வந்த நாள், மத்தியானச் சோறு கூட உண்ணாமல் ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். இத்தனை வேகமாக என் வாழ்க்கையில் நான் எதையும் எழுதியதில்லை. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இந்த மென்பொருளைக் கட்டியவள் யார் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது. அதை ஓட்டுவது எப்படி என்பதையும் இனி நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், குரங்கிடம் கேளுங்கள்.'

கீழே போய்க் களத்தில் காயும் மிளகைத் துழாவிக்கொண்டிருந்த கணவரிடம் போனை நீட்டினேன். அவர் நின்றபடியே மெதுவாகப் படித்தார்.

"ஏம்புள்ள, இது ராஜினாமாவா, ஊர்ப் பஞ்சாயத்துல குடுக்கற பிராதா?"

"படிச்சா அவருக்கு உறைக்கட்டுங்க."

"உறைக்கும். குரங்குன்னு எழுதுனது நல்லாத்தான் இருக்குது." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆனா அவரு என்ன பண்ணுவாரு? படிச்சுப் போட்டு மூடி வெச்சுருவாரு. அப்புறம் அந்த மருந்து வேலைய யாரு பாக்கறது?"

அப்போதுதான் யோசித்தேன். என் இடத்துக்கு வரப்போவது மேலாளர் இல்லை. அநேகமாக, என்னோடு இரண்டு வருடமாக வேலை செய்யும், பிரசவ விடுப்பு முடிந்து அந்தக் கூட்டத்துக்குச் சற்று முன்புதான் திரும்பியிருந்த மதுரைக்காரப் பெண். கூட்டத்தில் அன்று சிரிக்காத ஒரே முகம் அவளுடையது. 'நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்' என்ற வரி நேராக அவள் தலையில்தான் விழும். விடியற்காலையில் ஆர்டர் போகாவிட்டால் கைக்குழந்தையோடு எழுந்து உட்காரப் போவதும் அவள்தான்.

சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய் முழுவதையும் அழித்தேன். இரண்டாவது கடிதம் சின்னது. ராஜினாமா செய்கிறேன், ஒப்பந்தப்படி இரண்டு மாதம் இருப்பேன், இங்கே கற்றுக்கொண்டதற்கு நன்றி. இந்தக் காலத்தில் என் பொறுப்புகளை முழுமையாக ஒப்படைக்க விரும்புகிறேன். மென்பொருள் எப்படி இயங்குகிறது, பழுதானால் என்ன செய்வது என்று எழுதித் தருகிறேன். அடுத்து வருபவர் என் உதவியில்லாமல் தானே செய்து பார்க்கும்வரை கூட இருக்கிறேன். இவ்வளவுதான். நன்றி என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கற்றுக்கொண்டது உண்மைதானே.

அனுப்பிய சற்று நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். எதனால் போகிறேன் என்று கேட்டார். கடிதத்தில் எழுதாததை வாயால் சொன்னேன்.

"அந்தக் குரங்கு ஜோக்தாங்க. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க."

அவர், "சொல்லியிருக்கக் கூடாதுங்க. தப்புதான். மன்னிச்சிருங்க" என்றார். இருந்துவிடுங்கள் என்றும் கேட்டார். இல்லை என்றேன். மனம் லேசாகிவிட்டது. ஒப்படைப்பு மதுரைக்காரிக்கு என்று அந்தப் பேச்சிலேயே முடிவாயிற்று.

கொஞ்ச நாள் திரையிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் அவள், "அக்கா, நேர்ல வந்து பக்கத்துல உட்கார்ந்து பாத்தா நல்லா இருக்கும். கொல்லிமலையும் பாத்ததில்ல" என்றாள். அடுத்த வாரமே அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரும் கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தலை சுற்றியது. குழந்தை மட்டும் வழியெல்லாம் சிரித்ததாம்.

வீடு கலகலவென்று ஆனது. நாங்கள் மாடியில் உட்கார்ந்திருப்போம். கீழே என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க சாமி, மொளகு பாக்கலாம்" என்று தோட்டத்தைச் சுற்றுவார். அவள் அம்மா எங்கள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு மதுரைக் குழம்பு வைப்பார்.

நான் ஒரு விதி வைத்தேன்: விசைப்பலகையை நான் தொட மாட்டேன். எழுதிவைத்ததைப் பார்த்து அவளே செய்ய வேண்டும். எழுத்தில் எங்கே தடுக்கிறதோ அங்கே நான் திருத்துவேன். எல்லாம் சரியாக வந்தபிறகு அவளுக்கு ஒரு யோசனை.

"அக்கா, நீங்க போனப்புறம் உங்க லாகினை மூடிருவாங்கல்ல. இப்பவே கொஞ்ச நேரம் மூடச் சொல்லிப் பாப்போமா?"

கணினி நிர்வாகப் பிரிவுக்குச் சொல்லி, ஆர்டர் போகாத மத்தியான நேரத்தில் என் கணக்கை முடக்க வைத்தோம். விடியற்காலையில் ஆர்டர்களைத் தானாக அனுப்பும் வேலையை அவள் சோதனைக்கு ஓட்டினாள். ஓடவில்லை. 'அனுமதி இல்லை' என்று சிவப்பாக வந்து நின்றது.

தேடிப் பார்த்தோம். ஆரம்ப காலத்தில், மென்பொருள் சின்னதாக இருந்தபோது, அந்த வேலையை என் சொந்தக் கணக்கின் பெயரில் ஓடும்படி அமைத்திருந்தேன். அதற்கப்புறம் அதைப் பார்க்க யாருக்கும் காரணம் வரவில்லை. நான் வேலையை விட்டுப் போய், என் கணக்கை மூடிய மறுநாள் விடியலில் எந்தக் கிடங்குக்கும் ஆர்டர் போயிருக்காது.

அந்த முதல் கடிதத்தை அனுப்பியிருந்தால்? கோபத்தில் வேண்டுமென்றே செய்துவிட்டுப் போனாள் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நான் கோவிலில் சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆளின் பெயரில் இல்லாமல் அந்த வேலைக்கென்றே ஒரு தனிக் கணக்கு உண்டாக்கச் சொன்னோம். அதற்குத் தேவையான அனுமதிகளை மட்டும் வாங்கி, அவள் வேலையை அதன்கீழ் மாற்றினாள். மறுநாள் மத்தியானம் என் கணக்கை மறுபடி முடக்கி, மறுபடி ஓட்டினாள். வரிசையாகப் பச்சை விழுந்தது. கடைசி வரியும் பச்சை. அவள் நாற்காலியிலிருந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு என் கணவர் குழந்தையோடு படியேறி வந்து, "என்னாச்சுங்க, யாராச்சும் உழுந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லண்ணா, தான் இல்லாமயே ஓடுதுன்னு அக்காவுக்குச் சந்தோஷம்" என்றாள் அவள்.

உண்மைதான். நான் எழுதிய ஒன்று நான் இல்லாமலும் ஓடுகிறது என்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் எல்லாரும் அருவிக்குப் போனோம். ஆயிரத்துக்கும் மேலான அந்தப் படிகளை முழுக்க இறங்க முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன கொய்யாவைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

கடைசி நாள் விடைகொடுப்புக் கூட்டத்தில் மேலாளர் நாலு பேர் கேட்க என் வேலையைப் பற்றி நன்றாகவே பேசினார். மறுநாள் காலை நான் எழும்போது போனில் மதுரைக்காரியின் செய்தி கிடந்தது: 'எல்லாக் கிடங்குக்கும் போயிருச்சுக்கா. நான் தூங்கிட்டே இருந்தேன்.'

கணவரிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நீயும் போய்த் தூங்கு" என்றார். புது வேலையில் சேர இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் போய்த் தூங்கினேன்.