இருபத்தைந்தாவது சீட்

மாரிசெல்வம் ஒரு காலத்தில் போடி ஏலக்காய் மண்டி ஈஸ்வரபாண்டிக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். தேனி பெரியகுளம் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட வாங்கிய பணம். அவர் வட்டி கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. மாரியோ ஒரு பைசாகூடப் பணமாகத் திருப்பித் தரவில்லை, உழைப்பாகவே கழித்துவிட்டான். மண்டி ஆபீசுக்கு ஒயர் இழுத்தான், சர்வர் வைத்தான், பில் போடும் மெஷினை ஓட்டினான். கடன் அடைந்த பிறகும் மாதச் சம்பளத்துக்கு அந்த வேலை அவனிடமே நின்றது.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவன். அதற்காக ஒரு நாளும் தலைகுனிந்தது கிடையாது. மதுரையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் மூன்று நாள் முழித்துவிட்டுப் போன சர்வரை ஒரே மத்தியானத்தில் எழுப்பி உட்கார வைத்த கை அது. சொந்தக் கையால் மேலே வந்தவன் எவனும் யாரிடமும் போய் "எனக்குத் தெரியல" என்று நிற்க மாட்டான். அதில் பாதி நல்ல குணம். மீதிப் பாதி என்ன செய்யும் என்பதை ஒரு ஏலக்காய் சீசனில் மாரி பார்த்தான்.

மண்டியில் மெயில், கணக்குத் தாள் எல்லாமே இப்போது கிளவுடில்தான். ஆளுக்கு ஒரு லைசென்ஸ். அதைச் சீட் என்பார்கள். மாரி அதற்கு ஒரு நேர்த்தியான ஏற்பாடு செய்திருந்தான். புதிதாக ஒருவர் சேர்ந்தால் சர்வரில் அவருக்கு ஒரு கணக்குத் திறந்து 'ஆபீஸ் ஸ்டாஃப்' என்ற குரூப்பில் போட்டுவிட வேண்டியது. அரை மணிக்கு ஒரு தடவை சர்வர் அந்த விவரத்தை மேலே அனுப்பும். அதற்குப் பெயர் சிங்க். குரூப்பில் பெயர் இருந்தால் லைசென்ஸ் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சித்திரையில் வருடச் சந்தாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. மலையில் காய் இல்லை, மண்டியில் ஆளும் குறைவு. மாரி தலைகளை எண்ணினான். முப்பது சீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார்கள், இருந்தது இருபத்து நாலு பேர். ஆறு சீட்டைக் குறைத்துவிட்டு முதலாளி முன்னால் போய் நின்றான்.

"வருசத்துக்கு அம்பதாயிரத்துக்கு மேல மிச்சம் பண்ணிக் குடுத்துருக்கேன் முதலாளி."

ஈஸ்வரபாண்டி கணக்குப் பார்க்கும் ராஜாத்தியைக் கூப்பிட்டார். "கேட்டுக்க ஆத்தா. படிச்சு வந்த பயலுகளெல்லாம் செலவு வச்சுட்டுப் போனாங்கெ. மிச்சம் புடிச்சுக் குடுத்தவன் இவன் ஒருத்தன்தான்."

அந்தச் சொல்லை மாரி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி விஜியிடம் சொன்னான். மறுநாள் கடையில் சொன்னான். கேட்க ஆள் இருந்த இடத்தில் எல்லாம் சொன்னான்.

ஆவணியில் காய் இறங்கியது. வடக்கே உள்ள வியாபாரிகளோடு மெயில் போக்குவரத்தைப் பார்க்க ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். பெயர் கயல், தேவாரத்துப் பெண். பி.காம். முடித்திருந்தாள், இந்தி கொஞ்சம் பேசுவாள். முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்பது பேச்சு. அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன், அந்த வீட்டுக்கு இனி இவள் சம்பளம்தான் என்று ராஜாத்தி சொல்லியிருந்தாள்.

முதல் நாள் கயலுக்கு மெயில் திறக்கவில்லை. மாரி போய்ப் பார்த்தான். ராத்திரி கரண்ட் போய் வந்ததில் சர்வரில் சிங்க் ஓடாமல் நின்றிருந்தது. ஓடவிட்டான்.

"ஒண்ணுமில்லம்மா, சிங்க் ஆகல. கொஞ்ச நேரத்துல வந்துரும்."

அந்த வார்த்தை அந்த நேரத்துக்கு உண்மைதான். கொஞ்ச நேரத்தில் கயலின் பெயர் மேலே போய்ச் சேர்ந்தது, குரூப்பிலும் நின்றது. ஆனால் லைசென்ஸ் ஒட்டவில்லை. மாரி அட்மின் பக்கத்தைத் திறந்தான். கயல் பெயருக்கு நேராகச் சிவப்பில் ஒரு வரி: போதுமான லைசென்ஸ் இல்லை. வாங்கியது இருபத்து நாலு, கொடுத்தது இருபத்து நாலு. இவள் இருபத்தைந்தாவது ஆள்.

சரிசெய்ய ஒரு போன் போதும். நடுவருடத்தில் சீட்டைக் குறைக்கத்தான் முடியாது, கூட்டலாம். மதுரை டீலரிடம் சொன்னால் அன்றைக்கே ஏற்றிவிடுவான். மாதம் எழுநூறு ரூபாய்ச் சொச்சம். ஆனால் பில் மண்டி பெயருக்கு வரும், ராஜாத்தி கண்ணில் படும், முதலாளி காதுக்குப் போகும். நாலு மாதத்துக்கு முன்னால் ஊரெல்லாம் சொல்லி வைத்த மிச்சம் அல்லவா? மாரிக்கு நாக்கு எழவில்லை.

இன்னொரு வழி இருந்தது. சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் சூப்பர்வைசர் முத்துப்பாண்டி மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றிருந்தார். அவரைக் குரூப்பிலிருந்து எடுத்தால் ஒரு சீட் காலியாகும், அதைக் கயலுக்கு விடலாம். பில் இல்லை, பேச்சும் இல்லை. அதுவரை அந்தப் பெண்ணைச் சமாளித்தால் போதும் என்று நினைத்தான்.

மறுநாள் கயல் வந்து நின்றாள். "அண்ணே, இன்னும் வரலண்ணே. ஷீட்டத் தெறந்தா பாக்க மட்டுந்தான் விடுது, எழுத விடல."

"சிங்க்மா. நேரம் எடுக்கும்."

"நேத்தும் அதான் சொன்னீக."

"கிளவுடுன்னா என்ன, நம்ம போடி பஸ்ஸா, நின்னு ஏறிக்கிறதுக்கு? வரும் போ."

ராஜாத்தி சிரித்தாள், கயலும் சிரித்தாள். ராஜாத்தி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் மெயிலிலிருந்தே சாம்பிள் பட்டியலை அனுப்பினாள் கயல். ஆனால் பட்டியலின் அடியில் பதில் அனுப்ப வேண்டிய முகவரி என்று தன் புது முகவரியைப் போட்டிருந்தாள். முதலாளி போடச் சொன்னது அது. மெயில் வந்ததும் வேலையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளும் நம்பினாள்.

லைசென்ஸ் இல்லையென்றால் அந்தப் பெயருக்கு மெயில் பெட்டியே கிடையாது. அங்கே போகும் கடிதம் காத்துக் கிடக்காது, அனுப்பியவனிடமே திரும்பிப் போய்விடும். மாரிக்கு அது தெரியும். கயலுக்குத் தெரியாது. அவளோ தினமும் காலையில் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கான்பூர் வியாபாரி ஒருவர் எட்டு எம்.எம். போல்டு எனும் பருத்த காய்க்கு நல்ல விலை போட்டுக் கயல் முகவரிக்கு ஆர்டர் அனுப்பினார். திரும்பிப் போனது. இன்னொரு தடவை அனுப்பினார், அதுவும் போனது. இந்த மண்டிக்கு ஏலக்காய் விற்க மனசில்லை போலிருக்கிறது என்று வேறு மண்டியில் எடுத்துக்கொண்டார். அதைப் போனில் சொன்னபோதுதான் ஈஸ்வரபாண்டிக்கு விஷயம் தெரிந்தது. மறுநாளே விலை கிலோவுக்கு இருநூறு இறங்கிவிட்டது. மூட்டை மூட்டையாகச் சரக்கு கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தது.

"எங்க அந்தப் புள்ள?" என்று அவர் போட்ட சத்தத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். "கான்பூர்க்காரரு ரெண்டு தடவ மெயில் போட்ருக்காரு. பாத்தியா ஆத்தா நீ?"

"எனக்கு மெயிலே இன்னும் வரல முதலாளி. சிங்க் ஆகலன்னு அண்ணன் சொன்னாக."

"எத்தன நாளா?"

"சேந்ததுல இருந்தே."

ஈஸ்வரபாண்டி மாரி பக்கம் திரும்பினார். "ஏலே மாரி, மெயில் வராமலா இருக்கும்? ஆறு பேரு செலவ மிச்சம் புடிச்சவன் நீ, ஒன் வேலைல ஓட்ட இருக்குமா? இவளுக்குப் பாக்கத் தெரியலையா, என்னது?"

கயல் மாரியைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. இப்போது அண்ணன் சொல்லிவிடுவார் என்று காத்திருந்த பார்வை.

மாரி சொன்னது இதுதான்: "பாக்குறேன் முதலாளி. அந்தப் புள்ள சைடுல ஏதும் இருக்கான்னு பாக்குறேன்."

பொய் என்று யாரும் கைநீட்டிச் சொல்ல முடியாத சொல். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் பழி எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே கயலை வர வேண்டாம் என்றார்கள். நஷ்டம் வைத்தவளுக்குச் சம்பளம் எதற்கு என்று முதலாளி அதையும் நிறுத்தச் சொன்னார். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தேவாரம் பஸ் ஏறினாள். ராஜாத்தி மட்டும் வாசல் வரை போய்விட்டு வந்தாள்.

அந்த வாரம் முழுக்க மாரி, போய்ச் சொல்லிவிடுவோம் என்று கிளம்பி ஈஸ்வரபாண்டி அறை வாசல் வரை போவான். உள்ளே அவர் யாரிடமாவது "நம்ம மாரி" என்று பேசிக்கொண்டிருப்பார். திரும்பிவிடுவான்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளியின் கொழுந்தியாள் மகள் சுபாஸ்ரீ அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மாரி அவளைக் குரூப்பில் போட்டான். அதே சிவப்பு வரி. முத்துப்பாண்டியோ சம்பளம் கூட்டிக் கொடுத்ததும் நிற்கவில்லை, இருந்துவிட்டார். இனி ஒளிய இடம் இல்லை. மாரி உள்ளே போய் ஒன்று விடாமல் சொன்னான்.

"எவ்வளவுடா அது?" என்று ஈஸ்வரபாண்டி கேட்டார்.

"மாசம் எழுநூத்திச் சொச்சம்."

"சாக்குல இருந்து சிந்துற காயக் கூட்டி அள்ளுனா வருமேடா அந்தக் காசு! அன்னைக்கே சொல்லிருந்தா நான் என்ன ஒன்னயக் கடிச்சா தின்னுருப்பேன்?"

"நீங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தீக..."

"நான் பெருமையாச் சொன்னதுக்காக ஒரு பொட்டப்புள்ள சோத்துல மண்ணப் போட்டியாலே?"

மாரி போனை எடுத்து மதுரைக்குப் போட்டான்.

மதுரை டீலர் ஒரு மணி நேரத்தில் ஒரு சீட்டை ஏற்றினான். மாரி குரூப்பைத் திரும்ப ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கிவிட்டு, சுபாஸ்ரீ பெயரைப் பார்த்தபடி இருந்தான். அவள் பெயரில் சிவப்பு போகவில்லை. கயல் பெயரில் போயிருந்தது. அவளை வேலையைவிட்டு அனுப்பினார்களே தவிர, மாரி அவள் பெயரைக் குரூப்பிலிருந்து எடுக்கவே இல்லை. வந்த சீட் அவளுக்கே போய்விட்டது. இத்தனை நாள் கழித்துக் கயலுக்கு ஒரு மெயில் பெட்டி திறந்திருந்தது. உள்ளே ஒரு கடிதமும் இல்லை. திரும்பிப் போனவை திரும்பிப் போனவைதான்.

மாரி அந்தக் காலிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து முதலாளியிடம் போனான்.

"அந்தப் புள்ளையத் திரும்பக் கூப்புடுவோமா முதலாளி?"

"சொந்தக்காரப் புள்ளைய வரச் சொல்லிட்டு எப்பிடிடா போகச் சொல்றது? சம்பளத்தயாவது கொண்டு போய்க் குடு. முழு மாசத்துக்கும் போட்டுக் குடு. எங் கையால குடுக்க எனக்கு மொகம் இல்ல."

மாரி திரும்பி வந்து கயலின் பெயரைக் குரூப்பிலிருந்து எடுத்தான். சுபாஸ்ரீயின் சிவப்பு மறைந்தது.

தேவாரத்தில் ஒரு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள் கயல். மண்டியில் பேசிய சம்பளத்தில் பாதிகூட இருக்காது. மாரியைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்கண்ணே. கடைக்கு மெசின் பாக்க வந்தீகளா?"

"ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன்." "அது சிங்க் இல்லம்மா. சீட் இல்ல. மொத நாளே எனக்குத் தெரியும்."

"நான் கெட்டிக்காரி இல்லபோலன்னு நெனச்சேண்ணே. எங்கப்பாகிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"அவருகிட்ட நான் வந்து சொல்றேன்."

"வேணாம்ணே. மண்டியில சொல்லிருக்கணும். அங்கன அத்தன பேரு இருந்தாக."

மாரி சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினான். அவள் கவரை வாங்கவில்லை.

"எண்ணிக் குடுங்கண்ணே," என்று உள்ளங்கையை விரித்தாள்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், உரம் வாங்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரி கவரைக் கிழித்து, ஒவ்வொரு ஐந்நூறு ரூபாய்த் தாளாக வாய்விட்டு எண்ணி அவள் கையில் வைத்தான்.