மகனுக்கும் கம்மிய தொண்டை

சாந்தோம் கடற்கரையில் மீன் ஏலம் விடுவது என் வேலை. கூடை இறங்கியதும் கத்த ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை கத்த வேண்டும். என் தொண்டை எப்போதும் கம்மியே இருக்கும்.

மகன் பிறந்து இரண்டு மாதம் கழித்து அவன் அழுகையும் கம்மியது. மீன் வாங்க வந்த பெண்கள் அப்பன் தொண்டை அப்படியே வந்திருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமை. கூட்டாளிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பால் குடித்ததும் கக்குவான். எங்கள் குப்பத்தில் எல்லாக் குழந்தையும் கக்கும், அதனால் கவலைப்படவில்லை. பிறகு குடிப்பதே சண்டையானது. நாலு வாய் உறிஞ்சுவான். முதுகை வளைத்துக்கொண்டு அழுவான். முகத்தைத் திருப்பிக்கொள்வான். தன்னிடம் பால் இல்லையோ என்று என் மனைவி பயந்தாள். சரியாகிவிடும் என்றேன்.

மூன்றரை மாதத்தில் தடுப்பூசி போடப் போனோம். நர்ஸம்மா எடை பார்த்தார். ஒரு மாதத்தில் நூறு கிராம்தான் ஏறியிருந்தது. ஊசி குத்தியதும் அவன் அழுதான். ஏன் இப்படிக் கம்முகிறது என்று கேட்டார். என் தொண்டை, என் வேலை எல்லாம் சொன்னேன்.

"நீ தெனம் கத்துற, கம்முது. இவன் எந்த மீன ஏலம் வுட்டான்?"

மனைவி சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை விட்டு என்னைப் பார்த்தாள். அங்கிருந்தே ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

குழந்தை டாக்டரம்மா நிறையக் கேட்டார். பச்சையாகக் கக்கினானா, ரத்தம் வந்ததா, பீய்ச்சி அடித்ததா. எதுவும் இல்லை. பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். அவர் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். குரல் வரும் இடம் சிவந்து வீங்கியிருந்தது. வேறு கோளாறு இல்லை. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறிச் சுட்டிருக்கும் என்றார்கள்.

கக்குவதற்கு மருந்து உண்டா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கக்குறது மட்டும்னா மருந்தே தரமாட்டேன்பா. குடிக்க மாட்டேங்குறான், எடை ஏறல, தொண்டை கம்முது. அதுக்குத்தான் தர்றேன்."

ஒரு மாதத்துக்குச் சொட்டு மருந்து. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால். குடித்ததும் அரை மணி நேரம் நிமிர்த்தித் தூக்கி வைக்க வேண்டும். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

தூக்கி வைக்கும் வேலை எனக்கு. ஏலம் முடித்துக் கை கழுவி அவனைத் தோளில் போட்டுக்கொள்வேன். மீன் நாற்றம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு வாரத்தில் முகம் திருப்பாமல் குடித்தான். மனைவி அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா எடை பார்த்தார். நானூறு கிராம் ஏறியிருந்தது. மனைவி தராசு முள்ளை இரண்டு தரம் பார்த்தாள். ஒரு மாதம் முடிந்ததும் மருந்தை நிறுத்தினார். அழுகை அதற்குள் தெளிவாகிவிட்டது. குப்பம் முழுக்கக் கேட்டது.

மருந்தை நிறுத்திய அன்றே டாக்டரம்மா சட்டைக்கை மேல் கக்கினான். நான் பதறி, மறுபடி மருந்து வேண்டுமா என்றேன்.

"நல்லா வளர்றான். இதுக்கு மருந்து இல்ல, துண்டுதான்" என்று துடைத்துக்கொண்டார்.