உள்ரூமில் எழுதிய ஆங்கிலப் பரீட்சை

இடம் கிடைத்துவிட்டது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தபோது நான் நாற்றங்காலில் முழங்கை வரை மண்ணோடு நின்றிருந்தேன். கொடைக்கானலில் சோலை மரக்கன்று வளர்க்கும் சிறு குழுவில் எனக்கு வேலை. காடுகளைப் பற்றி மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த ஆசை. மண் கையோடு போனைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். படிப்புச் செலவும் அவர்களே ஏற்கிறார்களாம். கடைசி வரியில்தான் கொக்கி இருந்தது. மாத முடிவுக்குள் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

மதுரைத் தேர்வு மையத்தில் அந்த மாதம் முழுக்க இடமில்லை. என் கணவர்தான் தேடிக் கண்டுபிடித்தார், இதே தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம், எங்கோ உட்கார்ந்து ஒருவர் கேமரா வழியாக நம்மைக் கண்காணிப்பார் என்று. ஒரு சனிக்கிழமை முற்பகல் காலியாக இருந்தது. அதை விட்டால் அடுத்தது கெடு முடிந்த பிறகுதான். யோசிக்காமல் பதிவு செய்தேன். யோசித்துச் செய்வது என் வழக்கமில்லை.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். அறையில் நான் மட்டும் இருக்க வேண்டும். யாராவது உள்ளே தலையை நீட்டினால் தேர்வே ரத்து. கதவு மூடியிருக்க வேண்டும், அது கேமராவில் தெரியவும் வேண்டும். மேஜையில் எதுவும் இருக்கக்கூடாது. கட்டிலில் உட்கார்ந்து எழுதக்கூடாது. காதில் எதையும் மாட்டக்கூடாது, காது இரண்டும் கடைசி வரை தெரிய வேண்டும். குறிப்பெடுக்கத் தாளும் கிடையாது, அழித்து எழுதும் சின்ன வெள்ளைப்பலகை மட்டும். காதை மறைக்காமல் கொடைக்கானலில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது எவ்வளவு பெரிய வீரம் என்பது விதி எழுதியவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் வீடு தகரக் கூரை போட்ட வாடகை வீடு. முன்ரூமுக்கு வெளியே சுற்றுலா வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் உள்ரூம் என்று முடிவாயிற்று. தகரத்தில் சடசடக்கும் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். குரங்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அவை நினைத்தபோது கூரையில் ஓடும். கணவர் ஏணி வைத்து ஏறி, சாக்குகளைத் தகரத்தின் மேல் பரப்பிக் கல் வைத்தார். நான் கீழே நின்று ஸ்கேலால் கூரையைத் தட்டிச் சத்தம் பார்த்தேன். நிஜமாகவே பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கு அப்போதே பாஸாகிவிட்டதைப் போலிருந்தது.

மேஜையை முதலில் ஜன்னலுக்கு எதிரே போட்டோம். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் வந்ததில், கேமராவில் என் முகம் கரிச்சட்டி அடியாகத் தெரிந்தது. திருப்பிப் போட்டதும் வெளிச்சம் முகத்தில் விழுந்தது, பின்னால் கதவும் தெரிந்தது. அடுத்து குரல். மடிக்கணினியிலேயே இருக்கும் மைக்கில் பேசிப் பதிவு செய்து கேட்டால், காலி டிரம்முக்குள் பேசுவது மாதிரி எதிரொலித்தது. சுவரில் ஆணி அடித்துக் கம்பளிகளைத் தொங்கவிட்டோம். மறுபடி பேசினேன், குரல் சுத்தமாக வந்தது. பழைய காலண்டர், ஒட்டியிருந்த மரப் படங்கள் எல்லாவற்றையும் கழற்றினோம். வைஃபை வேண்டாம் என்று மோடத்திலிருந்து நேராக வயர் இழுத்தோம். இதற்குள் கணவரிடம் ஒரு டஜன் தடவையாவது கத்தியிருப்பேன். அவர் பழனிக்காரர், அடிவாரத்தில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் குடும்பம். எத்தனையோ கூட்டத்தைச் சமாளித்த பொறுமை அவருக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை தேர்வு நிறுவனத்தின் சோதனையை ஓட்டிப் பார்த்தோம். கேமரா, மைக், ஒலிபெருக்கி, இணையம், நான்கிலும் பச்சை டிக். நான் சமையலறைக்குள் ஓடி ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை வெள்ளனே எழுந்து இன்னொரு தடவை ஓட்டினேன். மறுபடியும் எல்லாம் பச்சை.

அன்று காலை யாரும் எதிர்பாராமல் மாமனார் வந்து நின்றார். பழனியிலிருந்து முதல் பஸ் பிடித்திருக்கிறார். நான் வெளிநாடு போவதைப் பற்றி அதுவரை அவர் வாயைத் திறந்ததில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதில் உள்ளுக்குள் எனக்குக் கோபமும் இருந்தது. அவரோ மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ராத்திரிப் பூஜையில் முருகனுக்குச் சாத்திய ராக்காலச் சந்தனம்.

"புது சோலி தொடங்கப்போற, சாமானுக்கு ஒரு பொட்டு வைக்காம எப்பிடித்தா?" என்றார்.

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவரும் கணவரும் உள்ரூமில் பூஜையை முடித்துவிட்டார்கள். நான் வந்து பார்த்தபோது மடிக்கணினியின் திரைக்கு மேலே, நெற்றி மாதிரி இருக்கும் கருப்புப் பட்டையில், கேமராவுக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பெரிய சந்தனப் பொட்டு. கேமராவில் துளிகூடப் படாமல் கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாராம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாமனார் ஒரு கம்போடு வெளியே போய் உட்கார்ந்தார், குரங்கு விரட்ட. பக்கத்து வீட்டு அக்கா சந்து முனையில் நின்று, வருகிறவர்களை மெதுவாகப் பேசச் சொல்லும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார்.

கதவை மூடிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பயமில்லை, குதூகலம். கண்காணிப்பாளர் ஒரு பெண். முகம் தெரியாது, குரல் மட்டும். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். கணினியைத் தூக்கி நான்கு சுவரையும், மேஜைக்கு மேலும் கீழும் காட்டினேன். முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். சுவரில் ஏன் கம்பளி என்று கேட்டார். எதிரொலிக்காக என்று சொல்லி ஒவ்வொன்றையும் தூக்கிப் பின்னால் ஒன்றுமில்லை என்று காட்டினேன்.

அப்போதுதான் அவர், உங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்றார்.

பேசினேன். இன்னும் சத்தமாக என்றார். கத்தினேன். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதாம். அமைப்புகளைத் திறக்கச் சொன்னார். சரியான மைக்தான் தேர்வாகியிருந்தது, அளவும் உச்சத்தில்தான் இருந்தது. கணினியை அணைத்துப் போட்டு மறுபடி உள்ளே வந்தேன். அதே கிணறு. இந்தக் குரலை வைத்துக்கொண்டு பேச்சுத் தேர்வை மதிப்பிட முடியாது, இன்னும் சற்று நேரத்தில் சரியாகவில்லை என்றால் வேறு நாளுக்குத்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேறு நாள் என்றால் என் இடம் போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் கணவர் நிற்கிறார், கூப்பிட வழியில்லை. காலையில் பச்சை டிக் காட்டிய மைக்குக்கு அதற்குள் என்ன கேடு வந்தது?

வேறு ஏதாவது செயலி ஓடுகிறதா பார்க்க வேண்டும், திரையைக் காட்டுங்கள் என்றார். அதற்கென்றே ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. கேமரா முன்னால் கண்ணாடியைப் பிடித்துத் திரை அவருக்குத் தெரியும்படி சாய்த்தேன். பிறகு அவர் கேட்டார், உங்கள் கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறதே, அந்த மஞ்சள் பொருள் என்ன?

நான் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓடு தட்டியிருந்தது. கேமராவுக்கு இரண்டு பக்கமும் குண்டூசி முனை அளவில் இரண்டு ஓட்டைகள் உண்டு, மைக் இருப்பது அங்கேதான். கணினியின் கண்ணில் படாமல் வைக்க அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், காதை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள்.

சிரிப்பு பீறிட்டு வந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டுமே. இது ஒரு மரத்தை அரைத்து எடுத்த பூச்சு, எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து வந்தது, நல்ல காரியம் தொடங்கும்போது கருவிகளுக்கு இதை வைப்போம், என் மாமனார் மலையேறி வந்து தன் கையால் வைத்தார் என்று ஆங்கிலத்தில் கத்திக் கத்தி விளக்கினேன். எனக்கு வராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. அன்றைய உண்மையான பேச்சுத் தேர்வு அதுதான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் எடுத்துவிடுங்கள் என்றார்.

எதால் எடுப்பது? மேஜையில் ஒரு துணிகூட இல்லை. ஓட்டைக்குள் தள்ளிவிடக்கூடாதே என்று பயந்து பயந்து, வாய் ஆவி விட்டு ஈரமாக்கி, துப்பட்டா நுனியால் பக்கவாட்டில் வழித்தேன். கட்டியாக இருந்தது விரலில் வந்தது. சாமி சந்தனத்தைக் கீழே போட மனசு வருமா? தொண்டைக்குழியில் பூசிக்கொண்டேன். அடுத்த பொட்டையும் அப்படியே.

"இப்போது கேட்கிறதா?" என்றேன்.

தெளிவாகக் கேட்கிறது, கொஞ்சம் மெதுவாகவே பேசலாம் என்றார்.

அதன் பிறகு எனக்கு இருந்த வேகத்துக்கு அந்தத் தேர்வு போதவில்லை. பேச்சுப் பகுதியில், உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வந்தது. மாமனாரைப் பற்றித்தான் பேசினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தொண்டையில் சந்தனம் சில்லென்று இருந்தது. கடைசியில் வெள்ளைப்பலகையைக் கேமரா முன்னால் அழித்துக் காட்டிவிட்டு, கதவைத் திறந்தேன்.

மாமனார் கம்போடு அப்படியே இருந்தார். எழுந்து வந்து முதலில் கணினியைத்தான் பார்த்தார். பொட்டைக் காணோம். முகம் சுருங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமனார் டீகூடக் குடிக்காமல் மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் தடுக்கத் தடுக்க நிற்கவில்லை. அதை ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது எனக்கு.

கெடுவுக்கு முன்பே மதிப்பெண் வந்தது. தேவைக்கு மேலேயே வாங்கியிருந்தேன். முதல் போன் பழனிக்குத்தான் போட்டேன். கடையில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பேசுறதுக்கு எம்புட்டுப் போட்டிருக்காங்க?"

இருக்கிற நான்கு பகுதியிலும் அதில்தான் அதிகம் என்றேன். கடைக்கு வெளியே வந்திருப்பார் போல, இரைச்சல் குறைந்தது. அப்புறம் அவர் குரல், கொஞ்சம் உடைந்து.

"நானே அடைச்சுக் கெடுத்துப்புட்டேன்னு இத்தன நாளும் ஒறக்கமில்லத்தா. வெரசாப் போய்ட்டு வா. நீ கொண்டுபோற பொட்டிக்குப் பொட்டு நான் வந்துதான் வைப்பேன்."