ஒட்டாத மருந்து

ராஜபாளையத்தில் என் அக்காவுக்கும் அவள் மாமியாருக்கும் ஒரே மாதிரி எலும்பு வலி. டாக்டர் இருவருக்கும் வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி தூள் கொடுத்தார். மாமியார் தேறிவிட்டார். அக்காவால் படியேற முடியவில்லை.

“அதே மருந்துதான? மில்லுக்குப் போகாம இருக்க நடிக்கா” என்று மாமியார் சாகும்வரை சொன்னார்.

பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர், அக்காவுக்கு முன்பு குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த தழும்பைப் பார்த்தார். மலம் எண்ணெயாக மிதக்கிறதா என்று கேட்டார். அக்கா தலையசைத்தாள்.

“கொழுப்பு ஒட்டாத குடல்ல, கொழுப்புல கரையுற இந்த வைட்டமினும் ஒட்டாதும்மா. உங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு வேணும். சாப்பாட்டோட எடுங்க. ரத்தத்துல கால்சியம் பார்த்துதான் மேல கூட்டணும்.”

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டாள்: “நான் நடிக்கலைன்னு அவியகிட்ட இனி யாரு சொல்லுவா?”