இரண்டு பொட்டலம் வெள்ளைத் தூள்

நாற்பத்தொரு வயதில் மெல்பர்னில் நடந்த பளுதூக்கும் போட்டிக்குப் போனேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கெழுதுபவள் நான். அம்மா ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். அவருடைய தோள்தான் எனக்கு வந்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் ஈப்போவில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்; அண்ணே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஆறு வருடம் அவர் சொன்னதைத்தான் சாப்பிட்டேன், அவர் சொன்ன நேரத்தில்தான் தூங்கினேன்.

தசைக்கு வலுக் கொடுக்கும் கிரியேட்டின் தூள் பழக்கமும் அவரால் வந்ததுதான். தினம் ஒரு சின்னக் கரண்டி, ஐந்து கிராம். மணமில்லை, ருசியில்லை, தண்ணீரில் எவ்வளவு கலக்கினாலும் அடியில் கொஞ்சம் மணல்போலத் தங்கும். போட்டியில் தடை செய்யப்பட்ட பொருளும் அல்ல.

பயணத்துக்கு முந்தின நாள் ஜிம்மில் இரண்டு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ இருக்கும்.

"ஒன்னு ஒனக்கு, ஒன்னு எனக்கு. என் பேக்ல பெல்ட்டு, சப்பாத்து எல்லாம் வச்சி வெயிட்டு ஏறிருச்சு லா."

"டப்பாவோட கொண்டு போலாமே அண்ணே? பேரு போட்டிருக்கும்ல?"

"டப்பா எடத்த அடைக்கும் மா. பிளேன்ல குடுக்குற கார்டுல சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேப்பான். இல்லன்னு போடு. சும்மா நேரம் போவும்."

பையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. மறுபடி சொல்லத் தயங்கினேன். இரண்டையும் என் பெட்டிக்குள் துணிக்கடியில் வைத்துக்கொண்டேன்.

விமானத்தில் கார்டு வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்குக் கை வரவில்லை. 'ஆம்' என்று குறி போட்டேன். அதனால் மெல்பர்னில் இறங்கியதும் அவர் ஒரு வரிசையில் போனார், நான் பெட்டியைத் திறந்து காட்டும் வரிசையில் நின்றேன்.

சுங்க அதிகாரி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இரண்டு பொட்டலத்தையும் மேசைமேல் எடுத்து வைத்தார். அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது.

இது என்ன என்றார். கிரியேட்டின், உடற்பயிற்சி செய்கிறவர்கள் சாப்பிடுவது என்றேன். டப்பா எங்கே? வீட்டில். நீங்களே கட்டினீர்களா? எல்லாம் உங்களுடையதா?

"ஒன்று என்னுடையது. இன்னொன்று என் பயிற்சியாளருடையது. கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அதோ நிற்கிறார்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அவர் வெளிவாசலருகில் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். இன்னொரு அதிகாரி போய் அழைத்துவந்தார். அண்ணன் பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு இதைப் பற்றித் தெரியாது. அவருடைய பெட்டி, அவர் கட்டியது" என்றார் ஆங்கிலத்தில். குரல்கூட நடுங்கவில்லை.

அவரைப் போகச் சொன்னார்கள். என்னை ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். முதலில் பொட்டலங்களின் வெளிப்புறத்தைத் துணித்துண்டால் துடைத்து ஒரு கருவியில் வைத்தார்கள். பிறகு தூளில் கொஞ்சம் எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் சொன்ன உண்மை அந்த அண்ணனின் வாயால் பொய்யாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு சொன்னது எதையும் அவர்கள் சாதாரணமாகக் கேட்கவில்லை. போதைப்பொருள் கேசில் மாட்டியவர்களை எங்கள் ஊர்ப்பக்கம் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியும்.

இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பெண் அதிகாரி பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்கள் கார்டில் சொன்னது நல்லதாகிவிட்டது. அடுத்த முறை சீல் உடைக்காத டப்பாவிலேயே கொண்டு வாருங்கள், லேபிளோடு" என்றார். நன்றி சொன்னேன். அழுகை அப்போதுதான் வந்தது.

அண்ணன் வெளியே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா மா, விட்டுட்டாங்கல்ல? நானும் மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் போட்டி போயிரும் லா. யோசிச்சுதான் சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "பவுடரு இருக்குல்ல? குப்பையில போட்டுட்டாங்களா?" என்றார்.

பெட்டியைத் திறந்து அவருடைய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நான் மேடையில் நின்றபோது அவர் "ஏத்து! ஏத்து!" என்று கத்தினார். அந்தக் குரலுக்குத்தான் ஆறு வருடம் என் உடம்பு எழுந்திருந்தது. அன்று எழவில்லை. மூன்று முறையும் பளுக்கம்பி தரையிலேயே கிடந்தது.

ஈப்போ திரும்பி இரண்டு வாரத்தில் ஜிம் முழுக்கக் கதை பரவியிருந்தது. அதில் நான் அறைக்குள் அழுதுகொண்டிருந்தேனாம், அவர்தான் உள்ளே வந்து அதிகாரிகளிடம் விளக்கி என்னை மீட்டாராம். அவரே சொல்லிச் சிரித்ததாக ஒரு பெண் என்னிடம் சொன்னாள். நான் மறுக்கப் போகவில்லை. ஜிம்முக்கும் போகவில்லை.

போன மாதம் சந்தையில் எதிரே வந்தார்.

"என்னா தங்கச்சி, ஆளையே காணோம்?"

"வேலை அண்ணே" என்றேன்.

வாய் தானாகத்தான் அண்ணே என்றது. வீடு வந்து சேரும்வரை அதுவே எனக்குக் கசந்தது.