தில்லையம்மாளின் வெள்ளைப் புடவை

தைப்பூசத்தன்று வடலூரில் சிதம்பரத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் அன்னதானப் பந்தல் போடுவார்கள். அதை ஆரம்பித்தவர் என் தாய்மாமன். அவருக்குப் பிறகு அவர் மகன் சபாபதி நடத்துகிறார். அந்தப் பந்தலில் சாம்பார் சாதத்துக்குத் துடுப்புப் போடுவது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே, மாமன் மகள் தில்லையம்மாளின் வேலை. நான் அவளைக் கட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு அழைத்து வந்த பிறகும் அந்த வேலையை வேறு யாருக்கும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆள் உயரத் துடுப்பை அண்டாவுக்குள் இறக்கி, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் சுற்றிவருவதைப் பார்க்கவே நான் வருஷாவருஷம் போவேன்.

அடுப்பங்கரையில் நிற்பவர்கள் குளித்து வெள்ளைப் புடவைதான் கட்ட வேண்டும். தீட்டு நாளில் அங்கே வரக்கூடாது. அது மாமன் வீட்டு வழக்கம். தேதி பூசத்தோடு இடித்தால் தில்லையம்மாள் மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக்கொள்வாள். சபாபதியின் மனைவி சந்திரலேகாதான் பழக்கிவிட்டவர். மாத்திரை வீட்டில் எங்கே இருக்கும் என்று எனக்கே தெரியாது.

2011 பூசம் முடிந்து மூன்றாம் நாள் தீட்டு வந்தது, வழக்கம்போல் இல்லை. கட்டிகட்டியாகப் போனது. அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அதன்பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. "நிக்கப் போவுது போல மாமா" என்று சந்தோஷப்பட்டாள். அடுத்து வந்தது மூன்று வாரம் நிற்கவில்லை. மறுபடி ஒரு மாதம் வெறுமை, மறுபடி ஆறாய் ஓடியது. வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது.

ஐப்பசியில் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனோம். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கியும் அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னா, எறங்கலியா?"

"எல்லாரும் போவட்டும் மாமா. உங்க தோள்ல கெடக்குற துண்டக் குடுங்க."

நீலப் புடவையின் பின்புறம் நனைந்திருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியவள், மேல வீதி வரை சுவரோரமாகவே நடந்தாள். அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "நீலத்துலயே இப்பிடின்னா, வெள்ளையில என்னா ஆவறது?" என்றாள். அப்போதுதான் அவள் வழிநெடுக எதை யோசித்தாள் என்பது எனக்குப் புரிந்தது.

சந்திரலேகாவுக்கு முடிவு தயாராக இருந்தது. "கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுடு. நான் எடுத்துட்டு நிம்மதியா இல்ல? ரெண்டு புள்ள பெத்தாச்சு, இன்னும் அத வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற?"

"எடுத்துட்டா பூசத்துக்கு அண்டா தூக்க முடியாதே அண்ணி."

"அண்டா தூக்க ஆளா இல்ல? நான் போடுறேன் துடுப்பு."

"நீங்களா? போன வருஷம் ஒரு கை போட்டீங்க, அடிபுடிச்சுது. ஊரே தண்ணி குடிச்சுது."

சபாபதி சிரித்துவிட்டார். சந்திரலேகா சிரிக்கவில்லை. சிதம்பரத்தில் காட்டிய ஒரு டாக்டரும் அறுவை சிகிச்சை என்றே சொன்னார். மார்கழியில் ஒரு நாள் குறிக்கலாம் என்று கார்த்திகை பிறந்ததுமே பேச்சு நடந்தது. அதற்குள் இன்னொருவரையும் கேட்டுவிடலாம் என்று கடலூரில் டாக்டர் கயல்விழியிடம் அழைத்துப்போனேன்.

அவர் அவசரப்படவில்லை. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்தார். ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். ரத்த அளவு எட்டுதான் இருந்தது, பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். இந்த வயதில் இப்படிப் போனால் உள்ளே வேறெதுவும் இல்லை என்று பார்த்தே ஆகவேண்டும் என்று கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "வேற ஏதாவது மாத்திரை சாப்புடுறீங்களா?" என்று கேட்டதற்கு, தில்லையம்மாள் மின்விசிறியைப் பார்த்தபடி, "இல்லைங்க" என்றாள்.

சோதனை முடிவில் புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலையும் இல்லை. டாக்டர் மேசைமேல் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார்.

தில்லையம்மாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "ஐயோ, இது வேணாங்க! இதாலதான் என் ஒடம்பே கெட்டுது."

"இத எப்ப சாப்ட்டீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "பூசத்துக்கு... தள்ளிப்போட. சாமி காரியத்துக்காக ஒடம்ப ஏமாத்துனேன். நிறுத்துன மூணாம் நாளே கொட்டிப்புடுச்சு. அதுலேந்துதான் எல்லாம்."

ஒரு வருஷமாக அவள் இதை மனதில் வைத்துக் குமைந்திருக்கிறாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இந்த மாத்திரை உங்களக் கெடுக்கலம்மா. கேளுங்க. மாசாமாசம் சினைப்பையிலேந்து முட்டை வெளிய வரும். அது வந்த எடம், புரோஜெஸ்டிரான்னு ஒண்ண சுரக்கும். கர்ப்பப்பை உள்சுவரு வளர்றதுக்கு ஈஸ்ட்ரோஜன், அத நெலையா நிறுத்தி வைக்கிறதுக்குப் புரோஜெஸ்டிரான். ரெண்டு வாரத்துல அந்தச் சுரப்பு கொறையும். கொறஞ்சதும் சுவரு மொத்தமா ஒரே சமயத்துல உதிரும், நின்னுடும். அதான் ஒழுங்கா வர்ற தீட்டு."

"இப்ப?"

"இந்த வயசுல பல மாசம் முட்டையே வராது. முட்டை இல்லேன்னா புரோஜெஸ்டிரான் இல்ல. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சுவர வளத்துக்கிட்டே போவும். அதான் ரெண்டு மாசம் வெறுமையா இருந்துது. தாங்க முடியாத அளவுக்கு வளந்ததும் இன்னிக்கு ஒரு மூலை, நாளைக்கு ஒரு மூலைன்னு இடியும். அதுக்கு நாள் கெடையாது, அளவும் கெடையாது."

"அப்ப மாத்திரை?"

"அதுவும் புரோஜெஸ்டிரான் வேலையத்தான் செய்யிது. அந்த பூசத்துக்கு முன்னாடியே உங்களுக்கு முட்டை வராம சுவரு ஜாஸ்தி வளந்திருக்கும். மாத்திரை புடிச்சு நிறுத்துச்சு. நீங்க மாத்திரைய விட்டதும் சுவரு மொத்தமா விழுந்துச்சு. மாத்திரை சரியான ஆளுதான், நீங்கதான் கணக்கில்லாம கூப்ட்டீங்க. இனிமே நான் சொல்ற நாளுக்குச் சாப்புடுங்க. கடையில போயி நீங்களா வாங்கக்கூடாது. இரும்புச் சத்தும் எழுதறேன். மூணு மாசம் பாக்கலாம். அதுலயும் அடங்கலேன்னா வேற வழி இருக்கு. எடுக்குறது கடைசி."

தில்லையம்மாள் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமா? நான் பண்ணதால இல்லையா?" என்று மறுபடியும் கேட்டாள். டாக்டர் மறுபடியும் சொன்னார்.

முதல் சுற்று மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் வந்தது. ஐந்து நாளில் நின்றது. அவள் அதை நம்பாமல் ஒரு வாரம் வரை கருப்புப் புடவையே கட்டினாள். அந்த மார்கழி முடியுமுன் ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் வந்தது. ஓடு பறந்தது, தெருவெல்லாம் மரம் கிடந்தது, எத்தனையோ நாள் மின்சாரம் இல்லை. அவள் மட்டும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அன்றன்றைய மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றைப் பூசம் நடுவில் விழும்படி டாக்டர் அமைத்துத் தந்திருந்தார்.

பிப்ரவரி ஏழாம் தேதி விடியலில் தில்லையம்மாள் வெள்ளைப் புடவையோடு பந்தலுக்குள் வந்தாள். அந்த வருஷம் விறகுக்குப் பஞ்சமில்லை. புயலில் சாய்ந்த முந்திரியும் பலாவும்தான் அடுப்பில் எரிந்தன. அந்தப் புகையின் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவளுக்கு ரத்தம் இன்னும் முழுக்க ஏறியிருக்கவில்லை. துடுப்பை நாலு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். சந்திரலேகா பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"குடுடி, கொஞ்ச நேரம்."

"அடிபுடிக்கும் அண்ணி."

"புடிச்சா புடிக்கட்டும். நீ ஒக்காரு."

தில்லையம்மாள் உட்காரவில்லை. ஆனால் துடுப்பில் அவருக்கும் ஒரு கை இடம் விட்டாள். இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். அன்று சாதம் அடிபிடிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, சுற்று முடிந்து மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் நாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, வந்துடுச்சு!"

பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக, அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். கொல்லைக் கொடியில் வெள்ளைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடித்து, அடுத்த வருஷத்துக்கென்று பீரோவில் வைத்தாள்.